குழந்தைகளுக்கு விளம்பரமே கூடாதா?

“குழந்தைகளுக்கு விளம்பரம் காட்டவே தடை. பாக்கெட்டில் பொம்மைப் படம் இருந்தாலும் புகார் செய்யலாம்!” – கும்பகோணம், மன்னார்குடி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி.

அப்படி இல்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த விதிகள், வாங்கச் சொல்லிப் பிள்ளையை ஏவிவிடுவது, ஆதாரமின்றிப் பலன் சொல்வது போன்றவற்றைத்தான் தடுக்கின்றன. பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்கும் சத்துபானப் பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். “ஏலக்காய் மணம், நல்ல ருசி” என்றால் சரி. “அம்மாவை இப்பவே வாங்கித் தரச் சொல்லு” என்றால் தவறு. “குடித்தால் மூளை கூர்மையாகும்” என்றால் அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். பொம்மைப் படம் மட்டும் குற்றமில்லை (எனக்கும் அது எரிச்சல்தான்).

நுகர்வோர் விவகாரத் துறை இணையதளத்தில் விதிகளின் 8ஆம் பிரிவைப் படிக்கலாம்; புகாருக்கு 1915. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.