'பூமர்' என்ற பிறகு சொல்லும் பதில் ஏன் எடுபடுவதில்லை?

கமெண்டில் ஒருவரைக் காலத்துக்கு ஒவ்வாத பழைய ஆள் என்ற பொருளில் 'பூமர்' என்றோ, பெண்களிடம் வழிபவர் என்ற பொருளில் 'சிம்ப்' என்றோ சொல்வது வெறும் கிண்டல்தானே, இதற்கெல்லாம் வருத்தப்படலாமா என்று பலர் கேட்கிறார்கள். வருத்தப்படத்தான் செய்வார்கள். அது அவர்களுடைய பலவீனம் இல்லை. அந்தச் சொற்கள் வேலை செய்யும் விதமே அப்படி.

'நீ சொல்வது முட்டாள்தனம்' என்றால் கணக்கைக் காட்டியோ ஆதாரத்தைக் காட்டியோ பதில் சொல்லிவிடலாம். 'ஓகே பூமர்' என்றால் என்ன சொல்ல முடியும்? கோபப்பட்டால் "பூமருக்குக் கோவத்த பாரு" என்பார்கள். பொறுமையாக விளக்கினால் "அட்வைஸ் ஆரம்பிச்சாச்சு". நான் அப்படிப்பட்டவன் இல்லை என்றால் "எல்லா பூமரும் இதைத்தான் சொல்வாங்க". பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எந்தப் பதிலும் அந்தப் பெயருக்கே சாட்சியாகிவிடுகிறது. வலிப்பது இதுதான்: சொன்ன கருத்து அப்படியே கிடக்க, சொன்ன ஆளைப் பற்றித் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறார்கள். அதுவும் நாலு பேர் பார்க்க.

இந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவ ஒரு காரணமாக இருந்த நிகழ்வையே எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் காலநிலைச் சட்ட மசோதா பற்றிப் பசுமைக் கட்சியின் குளோயி ஸ்வார்பிரிக் பேசிக்கொண்டிருந்தார். வயது 25. 2050இல் தனக்கு 56 வயது இருக்கும், இன்று இந்த அவையின் சராசரி வயதோ 49 என்று அவர் சொன்னபோது எதிர்வரிசையிலிருந்து குறுக்கீடு வந்தது. 'ஓகே பூமர்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டு அவர் பேச்சைத் தொடர்ந்தார். குறுக்கிட்டவர் நேஷனல் கட்சியின் டாட் முல்லர் என்று செய்திகள் வந்தன.

முல்லர் பிறந்தது 1968இல். 'பூமர்' என்பது 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களுக்கு அமெரிக்காவில் வைத்த பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அங்கே பிறப்பு விகிதம் திடீரென உயர்ந்த காலம் அது. ஆக, முல்லர் அந்தத் தலைமுறையே இல்லை. தவிர, அந்தக் காலநிலைச் சட்டத்துக்கு இரண்டு தரப்பு ஆதரவையும் திரட்ட ஆளுங்கூட்டணியோடு தன் கட்சி சார்பில் பேசிவந்தவர் அவர். நேஷனல் கட்சியும் ஆதரித்துத்தான் மசோதா நிறைவேறியது. இந்த விவரங்கள் எதுவும் அந்த இரண்டு சொல்லுக்குத் தேவைப்படவில்லை.

ஸ்வார்பிரிக் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள் குறுக்கிடும்போது, கொடுத்த சில நிமிடங்களுக்குள் பேசி முடிக்க வேண்டிய இளம் உறுப்பினர் அவர். மேலே இருப்பவரைப் பார்த்துக் கீழே இருப்பவர் சொல்லும்போது அந்தச் சொல்லில் ஓர் எதிர்ப்பு இருக்கிறது. அதே சொல்லை, 45 வயதில் வேலை தேடி வந்தவரிடம் நேர்காணல் எடுப்பவர் சொன்னால்? 2020 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பேப் எதிர் வில்கி என்ற வயதுப் பாகுபாட்டு வழக்கில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் கிட்டத்தட்ட இதையே கேட்டார்: வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒரே ஒரு தடவை 'ஓகே பூமர்' என்று சொன்னால் அது வழக்குக்கு உரியதா? அங்கே 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இதற்கென்றே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. யார், யாரிடம், எந்த இடத்தில் சொல்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே சொல் கிண்டலாகவும் இருக்கும், வயிற்றில் அடிப்பதாகவும் இருக்கும்.

நம்மூரில் அந்தப் பிறந்த ஆண்டுக் கணக்கும் கிடையாது. 32 வயதுக்காரரும் 'பூமர் அங்கிள்' ஆகிவிடுகிறார்.

'சிம்ப்' இன்னும் மோசம் என்பது என் கருத்து. ஒரு பெண்ணின் பதிவை ஓர் ஆண் பாராட்டினாலோ, அவரைத் திட்டுபவர்களைத் தட்டிக்கேட்டாலோ இந்தப் பட்டம் வருகிறது. 'உனக்கு உள்நோக்கம் இருக்கிறது' என்பதுதான் அதன் பொருள். உள்நோக்கம் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? சொல்லப்படுவது ஆணை என்றாலும் அடி அந்தப் பெண்ணுக்கும் விழுகிறது. உன் எழுத்துக்காக யாரும் உன்னைப் பாராட்டவில்லை என்பது அதில் சொல்லாமல் சொல்லப்படுகிறது. அடுத்த முறை அந்தப் பெண்ணைத் திட்டும்போது தட்டிக்கேட்க ஆட்கள் தயங்குகிறார்கள்.

நேரலைத் தளமான டுவிட்ச் 2020 டிசம்பரில் இதற்கு ஒரு விதி அறிவித்தது. 2021 ஜனவரி 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 'சிம்ப்' என்ற சொல்லையே தடைசெய்துவிட்டார்கள் என்று பரவியது, அது சரியில்லை. ஒருவரின் பாலியல் வாழ்க்கையைக் குத்திக்காட்டி அவரைத் துன்புறுத்த அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதுதான் குற்றம் என்று டுவிட்ச் விளக்கியது.

குழு நடத்துபவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வது நல்லது. நம் குழுக்களில் பலர் தடைச்சொல் பட்டியலில் 'பூமர்' என்று போட்டுவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் வடிகட்டியில் தமிழ் வேறுமாதிரி நடந்துகொள்ளும். வேற்றுமை உருபு சேர்ந்ததும் கடைசிப் புள்ளி போய்விடும். 'பூமரை', 'பூமருக்கு', 'பூமரா' எல்லாம் தப்பிவிடும். சரி, புள்ளியை எடுத்துவிட்டு 'பூமர' என்று போட்டால் 'பூமராங்' பற்றி எழுதியவரின் கமெண்ட் மாட்டிக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்கு இந்தத் தடையே கிடையாது. இந்தச் சொல்லைப் பற்றிப் பேசும் இந்தப் பதிவு மட்டும் கட்டாயம் சிக்கும். அதனால் விதி இப்படி இருக்கட்டும்: இந்தப் பட்டப்பெயரைப் பற்றி விவாதிக்கலாம், எதிரில் இருப்பவரை அப்படி அழைக்கக் கூடாது. மீறினால் கமெண்டை நீக்கி, சொன்னவருக்குத் தனியாகக் காரணம் எழுதுங்கள். எல்லாருக்கும் முன்னால் கண்டித்தால் அடுத்த பூமர் நீங்கள்தான்.

அந்தப் பெயர் உங்கள்மேல் விழுந்தால் மறுக்காதீர்கள்; மறுப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்று மேலே பார்த்தோம். சொன்ன விஷயத்தை மட்டும் ஒரே ஒரு தடவை, படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுங்கள். ஓர் உதாரணம். வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுத்துவிடாதீர்கள் என்று ஒருவர் எழுதுகிறார், 'ஓகே பூமர்' என்று பதில் வருகிறது. அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "தொடர்ந்து 5 வருடப் பணி முடியாமல் எடுத்தால் அந்தத் தொகைக்கு வரி வரலாம். பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய பணிக்காலமும் அந்த 5 வருடத்தில் சேரும்." இதைப் படிக்கும் 24 வயதுப் பிள்ளைக்குத் தேவையான தகவல் கிடைத்துவிடும். பட்டம் கொடுத்தவரிடம் அதன்பின் பேச வேண்டியது எதுவும் இல்லை.

பெரியவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அதே பிஎஃப் கமெண்ட் "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே கிடையாது" என்று தொடங்கியிருந்தால், பட்டம் முதலில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது. அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு அனுப்புங்கள். வரி விவரத்தில் அதனால் எதுவும் குறையாது.