18 சதவீதம் என்றால் 100 பேரில் 18 பேரா?

"தினமும் 50 கிராம் சாசேஜ், பேக்கன் மாதிரி பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் நூற்றுக்குப் பதினெட்டு பேருக்குக் கேன்சர் வரும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சாமே?"

இல்லை. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சொன்னது, பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கான அபாயம் ஏற்கெனவே இருப்பதைவிட 18 சதவீதம் கூடும் என்றுதான். அது ஒப்பீட்டு அளவு. ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பொருளே இல்லை.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே 100 பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. ஆறில் 18 சதவீதம் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் 100 பேரும் தினமும் அவ்வளவு சாப்பிட்டால் 6 என்பது 7 ஆகும். கூடுதலாக ஒருவர். அந்த ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் பதினெட்டு பேர் இல்லை.

அப்புறம், புற்றுநோயை உண்டாக்குபவை பற்றிய அந்த முகமையின் பட்டியலில், புகையிலை, மது இருக்கும் அதே முதல் பிரிவில் இந்த இறைச்சியும் இருப்பது உண்மை. அந்தப் பிரிவு காட்டுவது ஆதாரத்தின் உறுதியை. ஆபத்தின் அளவை அல்ல.