தங்கம் ஏறியதா, ரூபா விழுந்ததா?

சித்தப்பா 2022 மே மாதம் மகளின் கலியாணத்துக்கென்று அவசரப்பட்டு நகை வாங்கினார். விலை நாளுக்கு நாள் ஏறுது, இன்னும் பிந்தினால் வாங்கவே ஏலாது என்ற பயம். அடுத்த வருசம் விலை இறங்கியபோது மனுசன் நொந்துபோனார். சரி, இனி அவசரப்படமாட்டேன், ரூபா திரும்பட்டும் என்று 2024 முழுக்கக் காத்திருந்தார். ரூபா உண்மையிலேயே திரும்பியது, ஆனால் தங்கம் இறங்கவில்லை. இரண்டு முறையும் அவர் பார்த்தது கடை வாசலில் எழுதியிருந்த பவுண் விலையை மட்டும்தான். நம்மில் அனேகம் பேர் அப்படித்தான் பார்க்கிறோம், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் 2022. மார்ச் 7ஆம் தேதி இலங்கை மத்திய வங்கி ரூபாவை இறுக்கிப் பிடிப்பதைத் தளர்த்தியது. அப்போது ஒரு டொலர் சுமார் 200 ரூபா, உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் சுமார் 2,000 டொலர். பெருக்கினால் அவுன்ஸ் 4 இலட்சம் ரூபா. மே நடுவில் டொலர் 360 ரூபா, தங்கமோ 1,820 டொலர் அளவுக்கு இறங்கியிருந்தது. இப்போது பெருக்கினால் ஆறரை இலட்சம். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், பவுண் 8 கிராம், ஆகவே 3.89ஆல் வகுத்தால் 24 கரட் பவுண் ஒரு இலட்சத்து மூவாயிரத்திலிருந்து ஒரு இலட்சத்து அறுபத்தெட்டாயிரத்துக்குப் போயிருக்கிறது. (இது வெறும் உலக விலைக் கணக்கு, வரியும் கடைக்காரரின் இலாபமும் சேர்க்கவில்லை.) அதே இரண்டு மாதத்தில் சுவிசில் இருக்கும் நம் சொந்தக்காரர் பிராங்கில் வாங்கியிருந்தால் விலை அசையவேயில்லை என்றுதான் சொல்லியிருப்பார். டொலரில் 9 வீதம் குறைவு, பிராங்கில் ஏறக்குறைய அதே விலை, ரூபாவில் மட்டும் 60 வீதத்துக்கு மேல் ஏற்றம். இதைத் தங்கம் ஏறியது என்று சொல்லவே கூடாது. ரூபா விழுந்தது, தங்கம் அதைக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஏற்றத்துக்கு ஒரு குணம் உண்டு. எந்தப் பணம் விழுந்ததால் வந்ததோ அந்தப் பணம் எழும்பினால் விலை திரும்பி இறங்கும். 2023 யூனில் டொலர் 300 ரூபாவுக்குக் கீழே வந்தது. உலகத் தங்கம் 1,950 டொலர் வரை ஏறியிருந்தும், நம்மூர்க் கணக்கில் பவுண் ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே போனது. சித்தப்பா நொந்த காலம் அதுதான்.

2024இல் நடந்தது வேறு. வருசத் தொடக்கத்தில் டொலர் சுமார் 324 ரூபா, முடிவில் 292. ரூபா நன்றாகப் பலப்பட்டிருக்கிறது. ஆனாலும் ரூபாவில் தங்கம் 15 வீதம் போல ஏறியது, ஏனென்றால் டொலரிலேயே அது நாலில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது, யூரோவிலும் பிராங்கிலும் யென்னிலும்கூட ஏறியது. எல்லாப் பணத்திலும் ஒரேயடியாக ஏறும்போது காரணத்தை உங்கள் நாட்டுக்குள் தேடிப் பயனில்லை. 2022 பெப்ரவரியில் ரஷ்ய மத்திய வங்கியின் கிட்டத்தட்ட 300 பில்லியன் டொலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கிய பிறகு, வேறு நாட்டுப் பணத்தில் வைத்திருக்கும் சேமிப்பை ஒரே நாளில் இழக்கலாம் என்று பல நாடுகளுக்குப் புரிந்தது. 2022, 2023, 2024 மூன்று வருசமும் உலக மத்திய வங்கிகள் ஒவ்வொரு வருசமும் 1,000 தொன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் பார்வையில் அதுதான் பெரியது. ரூபா எழும்பினால் இந்த ஏற்றத்தின் வேகம் கொஞ்சம் குறையும், ஏற்றம் நிற்காது.

டொலரில் மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். 2025இல் டொலரில் தங்கம் 60 வீதத்துக்கு மேல் ஏறியது, பிராங்கில் 40 வீதத்துக்குச் சற்று மேல். இடையில் இருக்கும் வித்தியாசம் டொலரின் சரிவு. அதனால் நான் பார்ப்பது பிராங்க் விலையைத்தான், எந்தப் பலமான பணத்தில் மிகக் குறைவாக ஏறியிருக்கிறதோ அதுதான் தங்கத்தின் சொந்த ஏற்றத்துக்குக் கிட்டவாக இருக்கும்.

இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறேன். கடையில் சொல்லும் 24 கரட் பவுண் விலையை 3.89ஆல் பெருக்கி, அன்றைய உலக டொலர் விலையால் வகுத்தால், கடைக்காரர் டொலரை எத்தனை ரூபாவாக மதிக்கிறார் என்று வரும். வங்கி விலையை விட அது கொஞ்சம் கூடினால் வரியும் இலாபமும் என்று விட்டுவிடலாம். திடீரென்று மிகவும் கூடினால் நாட்டில் டொலர் தட்டுப்பாடு தொடங்கியிருக்கலாம், அல்லது வரி ஏறியிருக்க வேண்டும். சித்தப்பாவின் இரண்டாவது மகளுக்கும் பேசி வருகிறார்கள். இந்தமுறை அவர் கடைக்குப் போக முன்னர் என்னிடம் கேட்பது பிராங்க் விலையை.