BC வீண் அல்ல

“F = AB + A'C என்பதில் BC-ஐச் சேர்ப்பது வீண், உண்மை அட்டவணை மாறவில்லையே.”

அட்டவணை மாறாது என்பது சரியே. ஆனால் அது நிலைபெற்ற மதிப்புகளை மட்டுமே காட்டுகிறது. B, C இரண்டும் 1 ஆக இருக்கும்போது A 1-லிருந்து 0-க்கு இறங்கினால், AB முதலில் அணைந்துவிடும். A' நாட் கேட்டைக் கடந்து வரவேண்டியிருப்பதால் A'C சற்றுப் பிந்தியே எழும், அந்த இடைவெளியில் 1 ஆகவே இருக்க வேண்டிய F ஒரு கணம் 0-க்குச் சரியும். BC-யில் A இல்லாததால், அது அசையாமல் F-ஐத் தாங்கிக்கொள்கிறது.

சிமுலேட்டரில் நாட் கேட்டுக்கு 20 ns, மற்றவற்றுக்கு 10 ns தாமதம் கொடுத்து A-ஐ மட்டும் இறக்கிப் பாருங்கள்: BC இல்லாதபோது 20 ns பள்ளம் தெரியும். கிளாக் விளிம்புக்கு முன்பே F அடங்கிவிடும் சுற்றில் இது தீங்கு செய்யாது. கிளாக்குக்குக் காத்திராமல் 0 வந்ததும் இயங்கும் ஃபிளிப்-ஃபிளாப் ரீசெட்டுக்கு F-ஐயே கொடுத்தால் செய்யும்.