சண்டைக்கு நடுவுல வயலின்

அக்கா: படம் ஓடிட்டிருக்கு. நீ ஏன்டா தலையணைக்குள்ள மூஞ்சிய வச்சிருக்க?

தம்பி: பாட ஆரம்பிச்சுட்டாங்கக்கா. கூச்சமா இருக்கு.

அக்கா: பாடுறது அவங்க. உனக்கென்ன கூச்சம்?

தம்பி: இவ்வளவு நேரம் நல்லாத்தானே சண்டை போட்டாங்க? அவ அழுறா, இவன் கதவை அறையுறான். உடனே வயலின்! தெருவுல போறவன் எல்லாம் ஒரே மாதிரி காலைத் தூக்குறான். எப்பக்கா ஒத்திகை பாத்தாங்க?

அக்கா: சரி, கச்சேரியில ஒருத்தர் பாடினா கூச்சப்படுவியா?

தம்பி: அதுக்குத்தானே டிக்கெட் வாங்கிட்டுப் போறோம்!

அக்கா: அப்போ உனக்குப் பாட்டு பிரச்சினை இல்ல, பேச்சுலேர்ந்து பாட்டுக்குத் தாவுற அந்த இடம்தான் உறுத்துது. இனிமே பாக்குறதுக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது ஒண்ணே ஒண்ணு பாரு. தான் பாடினது அந்தப் பாத்திரத்துக்குத் தெரியுமா?

தம்பி: தெரியாம எப்படிப் பாடுவான்?

அக்கா: இப்பப் பாத்தியே, பாட்டு முடிஞ்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சண்டையைத் தொடர்ந்தாங்களா இல்லையா? 2007-ல வந்த 'ஒன்ஸ்'ல அப்படி இல்ல. டப்ளின் தெருவுல கிட்டார் வாசிக்கிறவன். கடையில வாக்யூம் கிளீனரும் ரிப்பேர் பண்ணுவான். ஒரு பொண்ணு கெட்டுப்போன கிளீனரை நாய்க்குட்டி மாதிரி தெருவுல இழுத்துட்டு வருவா. அப்புறம் இசைக்கருவிக் கடையில அவ பியானோ, இவன் கிட்டார். பாட்டு பிறக்கிறதையே பாக்கலாம்.

தம்பி: அப்போ பாடகர் கதைன்னு போட்டிருந்தா கண்ண மூடிக்கிட்டு எடுத்துடலாமா?

அக்கா: மாட்டிப்ப. மேடையில ஒழுங்காப் பாடிட்டு, கீழ இறங்கினதும் மரத்தைச் சுத்துறவங்களும் இருக்காங்க. முதல் ரெண்டு பாட்டைப் பாத்துட்டு முடிவு பண்ணு. இசைக்கருவி வாசிக்கிறவங்க கண்ணுல பட்டா பெரும்பாலும் நம்பலாம்.

தம்பி: மேடையை விட்டு இறங்காத படமே கிடையாதா?

அக்கா: 1972-ல வந்த 'கபரே', இரவு விடுதிப் பாடகி கதை. அதோட மூல மேடை நாடகத்துல விடுதிக்கு வெளியேயும் பாடுவாங்க. இயக்குநர் பாப் ஃபாஸி அதையெல்லாம் வெட்டிட்டார். வெளியே ஒரே ஒரு பாட்டுதான். பீர் தோட்டத்துல ஒரு பையன் எழுந்து பாடுறான், அழகான குரல். கேமரா மெல்லக் கீழ இறங்கினா, கையில நாஜிப் பட்டை. கூட்டமும் எழுந்து சேர்ந்து பாடுது.

தம்பி: ஐயோ... அங்க கூச்சம் வராது, பயம்தான் வரும்.

அக்கா: அது செரிச்சா 'சிகாகோ', 2002. பெரும்பாலும் கதாநாயகி மனசுக்குள்ள ஓடுற மேடை, அதனால மத்தவங்களுக்குக் கேக்காது. கடைசியா 1964-ல வந்த 'செர்பூர் குடைகள்', பிரெஞ்சுப் படம். முதல் வசனத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பாட்டு.

தம்பி: என்னைக் கொல்லப் பாக்குறியா?

அக்கா: பேச்சே இல்லையேடா, எங்கேர்ந்து எங்க தாவுறது? அது பாட்டுக்கு ஓடும், பழகிடும்.

தம்பி: எல்லாமேன்னா? பெட்ரோல் போடுறதுமா?

அக்கா: ஆமா. தொடக்கமே கார் ஒர்க்‌ஷாப். அங்க ஒருத்தன், ஓப்ரா எனக்குப் பிடிக்காது, சும்மா பாடிக்கிட்டே இருப்பாங்க, சினிமாதான் எனக்குன்னு அலுத்துக்குவான்.

தம்பி: பாத்தியா! படத்துக்குள்ளயே என் ஆளு ஒருத்தன் இருக்கான்!

அக்கா: அதையும் பாடித்தான்டா சொல்றான்.