நாற்பதாயிரம் ஓட்டு விழுந்துவிட்டதாம்

எங்கள் ஊர் முகநூல் குழு ஒன்றில் போன வாரம் ஒரு வாக்கெடுப்பு. பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றலாமா, வேண்டாமா? நாற்பதாயிரத்துக்கும் மேல் ஓட்டு. பெரும்பாலானவர்கள் 'மாற்றலாம்' பக்கம். உடனே ஒரு நண்பர் "இத்தனை பேர் சொன்ன பிறகும் சந்தேகமா? இதுதான் மக்கள் கருத்து" என்று எழுதினார். எனக்குச் சந்தேகம்தான். காரணத்தை அங்கே கமெண்ட்டில் எழுதினால் சண்டையாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2021இல் அமெரிக்காவில் நடந்தது இது. அதுவும் இதே முகநூலில். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முகநூல் ஒரு கொரோனா சர்வே நடத்தியது. வாரத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேர் பதில் சொன்னார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் அந்த சர்வே சொன்ன கணக்குப்படி, பெரியவர்களில் 70 சதவீதம் பேர் முதல் டோஸ் போட்டுவிட்டார்கள். உண்மையில் போட்ட ஊசிகளை எண்ணி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னதோ 53 சதவீதம். அதே சமயம், வெறும் ஆயிரம் பேரை வைத்து நடந்த இன்னொரு சர்வே உண்மைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இரண்டரை லட்சம் பேர் தப்பு, ஆயிரம் பேர் சரி. எப்படி?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லட்சம் பெரியவர்கள் உள்ள ஊர். 5,30,000 பேர் ஊசி போட்டவர்கள், 4,70,000 பேர் போடாதவர்கள். எல்லோருக்கும் சர்வே போகிறது. பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. போட்டவர்களில் ஆயிரத்துக்கு 14 பேரும், போடாதவர்களில் ஆயிரத்துக்கு 7 பேரும் மட்டும் நிரப்பி அனுப்புகிறார்கள். அப்படியானால் வரும் பதில்கள் 7,420, 3,290. மொத்தத்தில் போட்டவர்கள் 69 சதவீதம்! யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை. ஆயிரத்துக்கு ஏழு பேர் வித்தியாசம், அவ்வளவுதான்.

இப்போது ஊரைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். பதில்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். விடை? அதே 69 தான். ஆட்களைக் கூட்டினால் குறைவது தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம் மட்டுமே. யார் பதில் சொல்ல வருகிறார் என்பதில் உள்ள சாய்வு அப்படியே நிற்கும். முன்பு தப்பான விடையைக் கொஞ்சம் தயக்கத்தோடு சொன்னோம், இப்போது அடித்துச் சொல்கிறோம். 2021 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இதை அளந்தே காட்டியது: ஏப்ரல் மாதத்தில் அந்த இரண்டரை லட்சம் பதில்களில் இருந்த பிழை, குலுக்கல் முறையில் பத்தே பத்துப் பேரைக் கேட்டிருந்தால் வரக்கூடிய பிழை அளவுக்கு இருந்ததாம்.

வயது, ஆண் பெண் விகிதம் பார்த்துப் பதில்களைச் சரிக்கட்டலாமே என்பீர்கள். அந்த சர்வேயில் அதைச் செய்திருந்தார்கள். கல்வி, இனம் எல்லாம் சேர்த்துச் சரிக்கட்டிய அமெரிக்க மக்கள்தொகைத் துறையின் சர்வேயும் 14 புள்ளி தள்ளித்தான் நின்றது. ஒரே வயது, ஒரே படிப்பு என்றாலும், பல்கலைக்கழகம் நடத்தும் கொரோனா சர்வே என்றதும் நின்று நிரப்புகிறவரும் 'போடா' என்று தள்ளிவிட்டுப் போகிறவரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லையே.

அந்த ஆயிரம் பேர் சர்வே என்ன செய்தது? வீட்டு முகவரிகளிலிருந்து குலுக்கல் முறையில் ஆள் எடுத்த குழு அது. இணையம் இல்லாதவர் அகப்பட்டால் அவருக்கு இணைய இணைப்பும் டேப்லெட்டும் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். செலவு முழுக்க அங்கேதான். அதிலும் பதில் சொல்லாதவர்கள் உண்டு; ஆனால் யார் உள்ளே வரலாம் என்பதை வருகிறவரின் ஆர்வத்திடம் மட்டும் விட்டுவிடவில்லை.

முகநூல் சர்வேயில்கூட யாருக்கு அழைப்புப் போக வேண்டும் என்பதையாவது குலுக்கி எடுத்தார்கள். அப்படியும் 17 புள்ளி சறுக்கியது. நம் ஊர்க் குழு வாக்கெடுப்பில் அதுவும் கிடையாது. யார் கண்ணில் பட்டது, எத்தனை பேர் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள், எத்தனை வாட்ஸப் குழுக்களில் 'உடனே போய் ஓட்டுப் போடுங்க' என்று சுற்றியது, ஒன்றும் தெரியாது. நாற்பதாயிரம் என்ற எண் மட்டும் தெரியும். முடிவு தலைகீழாக இருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த நாற்பதாயிரத்தில் நானும் ஒருவன். வாரத்தில் ஒரு நாள்கூட பஸ் ஏறாதவன். தினம் காலையும் மாலையும் அந்த ஸ்டாண்டில் நிற்கிற என் மனைவியிடம் ஓட்டுப் போட்டாயா என்று கேட்டேன். "அதைப் பார்த்தேன். அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு" என்றாள்.