மாநகரத் தகுதி ஊருக்கா, மன்றத்துக்கா?

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மெட்வே ஆற்றங்கரையில் ரோசெஸ்டர் என்ற ஊர் இருக்கிறது. கி.பி. 604இல் நிறுவப்பட்ட பேராலயமும் நார்மன் காலத்துக் கோட்டையும் கொண்ட அந்த ஊர், 1211 முதல் மாநகரமாக இருந்து வந்தது. 1998 ஏப்ரல் 1 அன்று அந்தத் தகுதி அதனிடமிருந்து போய்விட்டது. யாரும் அதைப் பறிக்கவில்லை, மக்கள்தொகையும் சரியவில்லை, பேராலயமும் இடியவில்லை. தகுதி போன செய்தியே 2002ஆம் ஆண்டு வரை அங்குள்ளவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. அரசின் மாநகரப் பட்டியலில் தங்கள் ஊரின் பெயர் இல்லை என்பதைக் கண்ட பிறகுதான் அவர்கள் காரணத்தைத் தேடத் தொடங்கினார்கள்.

ஓர் ஊரை மாநகரம் என்று அழைக்கும் உரிமை எதில் தங்கியிருக்கிறது என்ற கேள்விக்கு ரோசெஸ்டரைவிடத் தெளிவான பதில் தரும் ஊரை நான் அறியேன். ஆகவே அங்கு நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பேராலயம் இருந்தால் மாநகரம் என்று பிரிட்டனிலேயே பலர் நம்புகிறார்கள். எட்டாம் ஹென்றி 1540களில் புதிய மறைமாவட்டங்களை உருவாக்கி, அவற்றின் தலைமை ஊர்களுக்கு மாநகரப் பெயரையும் கொடுத்ததால் எழுந்த நம்பிக்கை அது. சட்டத்தில் அப்படி எந்தத் தொடர்பும் இன்று இல்லை. பிளாக்பர்னிலும் கில்ஃபோர்டிலும் பேராலயம் உண்டு, மாநகரத் தகுதி இல்லை. கேம்பிரிட்ஜில் பேராலயம் இல்லை, ஆனால் 1951 முதல் அது மாநகரம். மக்கள்தொகையும் அங்கே அளவுகோல் அன்று. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத செயின்ட் டேவிட்ஸ் மாநகரமாக இருக்க, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ரெடிங் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தும் அதைப் பெறவில்லை. அமைச்சர்களின் ஆலோசனைப்படி அரசரோ அரசியோ வழங்கும் பட்டயம் ஒன்றே தகுதியைத் தருகிறது. அந்தப் பட்டயம் ஆற்றையோ கோட்டையையோ தெருக்களையோ பெயர் சொல்லி அழைப்பதில்லை. பெரும்பாலும் ஓர் உள்ளாட்சி அமைப்புக்கே அது வழங்கப்படுகிறது.

ரோசெஸ்டரின் சிக்கல் தொடங்கியது இங்கேதான். 1974இல் நடந்த உள்ளாட்சிச் சீரமைப்பில் ரோசெஸ்டரின் பழைய மன்றம் கலைக்கப்பட்டு, அருகிலிருந்த சாத்தம் முதலிய பகுதிகளோடு சேர்த்து ஒரே மாவட்டமாக்கப்பட்டது. 1982இல் புதிய பட்டயம் ஒன்றின் வழியாக மாநகரத் தகுதி அந்த மாவட்டம் முழுவதற்கும் மாற்றப்பட்டது. அன்று அது ரோசெஸ்டருக்குக் கிடைத்த பெருமையாகவே தோன்றியிருக்கும். ஆனால் அந்த நாளிலிருந்து தகுதிக்குச் சொந்தமானது பழைய ஊர் அன்று, மாவட்டம் என்ற நிர்வாக அலகு. 1998இல் அந்த மாவட்டமும் ஜில்லிங்கமும் கலைக்கப்பட்டு, மெட்வே என்ற ஒரே உள்ளாட்சியாக இணைக்கப்பட்டபோது, தகுதியைத் தாங்கி நின்ற அமைப்பே இல்லாமற்போயிற்று.

இந்த நிலைக்குச் சட்டத்தில் ஒரு மாற்று இருந்தது. கலைக்கப்படும் மன்றம், பட்டய அறங்காவலர்கள் என்ற சிறு குழுவை நியமித்துவிட்டால், மேயர் பதவியையும் மாநகரத் தகுதியையும் அந்தக் குழு தொடர்ந்து தாங்கிக்கொள்ளும். சாலை போடுவதோ குப்பை அள்ளுவதோ அந்தக் குழுவின் வேலை அன்று. பட்டயம் பற்றிக்கொள்ள ஒரு சட்ட உடலாக அது இருந்தால் போதும். அதே ஆண்டுகளில் கலைக்கப்பட்ட பாத், ஹெரிஃபோர்டு மன்றங்கள் அப்படியே செய்தன. இரண்டும் இன்றுவரை மாநகரங்களாக இருக்கின்றன. ரோசெஸ்டரின் மன்றம் அறங்காவலர்களை நியமிக்கவில்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுத் தகுதி ஒரு நியமனம் இல்லாததால் போயிற்று. பின்னர் 2012இல் நடந்த போட்டியில் மெட்வே புதிதாக விண்ணப்பித்துப் பார்த்தது, கிடைக்கவில்லை.

இந்தத் தகுதியால் பிரிட்டனில் ஒரு மன்றத்துக்குக் கூடுதல் அதிகாரமோ நிதியோ வருவதில்லை. அதனாலேயே அதன் இழப்பை நான்கு ஆண்டுகள் யாரும் உணரவில்லை என்று நான் கருதுகிறேன். ஒரு மருத்துவமனையோ ஓர் அலுவலகமோ அதோடு மூடப்பட்டிருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும்.

அப்படியானால் எல்லோரும் எண்ணிப் பார்க்கக்கூடிய ஓர் எல்லையை வைத்துவிட்டால் போதுமே என்று தோன்றலாம். ஜப்பான் அதைத்தான் செய்திருக்கிறது. 1947ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தன்னாட்சிச் சட்டத்தின்படி, 'சோ' எனப்படும் பேரூர் 'சி' எனப்படும் நகரமாக உயர 50,000 பேர் வேண்டும். வீடுகளில் 60 விழுக்காடு மையப் பகுதியில் இருக்க வேண்டும். வணிகம், தொழில் போன்ற நகர்ப்புற வேலைகளைச் சார்ந்தோர் 60 விழுக்காடு இருக்க வேண்டும். மாகாணம் விதிக்கும் நகர வசதிகளும் இருக்க வேண்டும். 'சி' ஆனதும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. வறியோருக்கான அரசு உதவியைக் கையாளும் நல அலுவலகத்தை நகரம் கட்டாயம் நடத்த வேண்டும். பேரூர்களில் அதைப் பொதுவாக மாகாணமே நடத்திவிடுகிறது. பட்டயத்தைவிட இது நேர்மையான முறை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் நிற்கும் ஊருக்கு அந்த எண்ணே சோதனையாகிவிடுகிறது. அய்ச்சி மாகாணத்தின் ஹிகாஷியுரா என்ற பேரூர், 2010 கணக்கெடுப்பின் முதற்கட்ட எண்ணிக்கையில் 50,080 பேரைக் காட்டியது. நகரமாவதற்கான தேர்வில் எண்பது பேர் மிகையோடு அது தேறிவிட்டது. அந்த எண்ணிக்கை பின்னர் ஆராயப்பட்டபோது, அங்கே உண்மையில் வசிக்காதவர்களும் வசிப்பவர்களாகச் சேர்க்கப்பட்டிருந்தது வெளிவந்தது. இறுதி எண்ணிக்கை 49,800 ஆயிற்று. 280 பேருக்காக, ஊரின் முன்னாள் துணைத் தலைவர் 2013இல் புள்ளியியல் சட்டத்தின் கீழ்க் கைதானார். ஹிகாஷியுரா இன்றும் பேரூராகவே இருக்கிறது.

அதே சட்டத்தில், நகரமான பின் மக்கள்தொகை குறைந்தால் தகுதி தானாகப் போவதில்லை. ஹொக்கைடோவின் உத்தாஷினாய் நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்து 1958இல் நகரமானது; சுரங்கங்கள் மூடப்பட்டபின் மக்கள் வெளியேறி, இப்போது மூவாயிரம் பேருக்கும் குறைவாகச் சுருங்கியும் நகரமாகவே நீடிக்கிறது. 49,800 பேர் உள்ள ஊருக்குக் கிடைக்காத பெயர் மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு இருப்பது முரணாகத் தெரியலாம். எனக்கு அது சரியாகவே படுகிறது. வேலையிழந்து முதியோர் மட்டும் மிஞ்சிய ஊரில்தான் நல அலுவலகத்தின் தேவை அதிகம்.

நம் நாட்டின் முறை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளர்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மைக்கு வெளியே என்ற மூன்றும் பொருந்திவிட்டால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஊரை நகர்ப்புறம் என்று பதிவு செய்கிறது. ஊரின் தொழிலைப் பார்ப்பதால் இதை நல்ல அளவுகோல் என்றே சொல்வேன். ஆனால் கணக்கெடுப்பின் பதிவால் உள்ளாட்சி மாறுவதில்லை. அதை மாற்றும் அறிவிக்கை மாநில அரசின் கையில் இருக்கிறது. 2001இல் 1,362 ஆக இருந்த இத்தகைய ஊர்கள் 2011இல் 3,894 ஆயின. அடுக்குமாடிகளும் பட்டறைகளும் நிறைந்த ஊரின் கழிவுநீரைக் கிராம ஊராட்சியே கவனிக்க வேண்டிய நிலை அங்கெல்லாம் நிலவுகிறது.

உடனே எல்லாவற்றையும் பேரூராட்சியாக்கு என்று சொல்வதும் பொருந்தாது. நகர்ப்புறமானால் ஊரக வேலை உறுதித் திட்டம் போய்விடும், வரி உயரும் என்று மக்கள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. எனவே ஒன்றை மட்டும் கேட்கிறேன். கணக்கெடுப்பில் ஓர் ஊர் மூன்று அளவுகளையும் தாண்டியதும், அதைத் தரம் உயர்த்துவதா இல்லையா என்று மாநில அரசு இரண்டு ஆண்டுக்குள் கிராம சபையின் கருத்தைக் கேட்டு, காரணத்தோடு எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். உயர்த்துவதானால் செயல் அலுவலரும் பொறியாளரும் எந்த நாளில் பொறுப்பேற்பார்கள் என்பதும் அதே ஆணையில் இருக்க வேண்டும்.